அத்தான் வீடும் மாதம் ஏழாயிரமும்

தக்கலைப் பக்கம் என் அக்கா வீடு. ஒன்பது சென்ட் புரையிடம், 1994ல் கட்டிய கான்கிரீட் வீடு, பிறகு மூத்தவன் வெளிநாடு போனதும் எடுத்த ஒரு மாடி. அத்தானுக்கு 72 வயது, அக்காவுக்கு 67. மார்த்தாண்டத்தில் இருபத்தெட்டு வருடம் ஹார்ட்வேர் கடை நடத்தியவர் அத்தான். முழங்கால் போனதும் கடையை விட்டார். பென்ஷன் கிடையாது. மூத்தவன் தம்மாமில், இளையவன் பெங்களூரில். இருவரும் பணம் அனுப்பத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு மாதமும் பிள்ளைகளின் போனுக்குக் காத்திருப்பது அத்தானுக்குப் பிடிக்கவில்லை.

"ரிவர்ஸ் மார்ட்கேஜ்னு ஒண்ணு இருக்காமே தம்பி, வீட்டை வச்சா பேங்க் நமக்கு மாசம் சம்பளம் மாதிரி தருமாம்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டார். நான் 31 வருடம் வங்கியில் இருந்தவன், அதில் பாதிக்கு மேல் கடன் பிரிவில். இந்தத் திட்டத்துக்கு ஒரு விண்ணப்பம்கூட என் மேசைக்கு வந்ததில்லை. அதனால் அடுத்த நான்கு மாதம் நானும் அவருடன் சேர்ந்து அலைந்தேன். அதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். எங்கள் மாவட்டத்தில் பெரிய வீட்டில் வயதானவர்கள் இருவர் மட்டும் இருக்கும் தெருக்கள் அதிகம். அவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் திட்டம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். 2007ல் மத்திய பட்ஜெட்டில் அறிவித்து, தேசிய வீட்டுவசதி வங்கி விதிகள் வகுத்தது. 60 வயது முடிந்தவர், தான் சம்பாதித்து வாங்கிய, தானே குடியிருக்கும் வீட்டை வங்கியில் அடமானம் வைக்கலாம். வங்கி மாதாமாதம் ஒரு தொகை தரும். உயிரோடு இருக்கும்வரை அசலும் கட்ட வேண்டாம், வட்டியும் கட்ட வேண்டாம். கடன் வாங்கியவர்களில் கடைசியாக இருப்பவர் இறந்த பிறகுதான் கணக்கு முடியும். வாரிசுகள் கடனைக் கட்டி வீட்டை எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் வங்கி விற்றுத் தன் பணத்தை எடுத்துக்கொண்டு மீதியை வாரிசுகளிடம் கொடுக்கும். விற்ற பணம் கடனுக்குப் போதாவிட்டால், குறைந்ததை வாரிசுகளிடம் கேட்க முடியாது. வருகிற மாதத் தொகை கடன்தான், வருமானம் இல்லை, அதனால் அதற்கு வருமான வரியும் இல்லை.

கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. அக்காவுக்கு மட்டும் ஒரே ஒரு கேள்வி. "அத்தான் போன பெறவு பேங்க்காரனுவ வந்து என்னை வெளிய போச் சொல்லுவானுவளா மக்கா?"

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். பத்திரம் அத்தான் பெயரில் மட்டும் இருக்கிறது. கடனையும் அவர் பெயரில் மட்டும் எடுத்தால், அவர் இறந்த அன்றே கடன் முடிவுக்கு வந்துவிடும். அக்கா கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெளியேற வேண்டும். இருவரும் கூட்டாகக் கடன் வாங்கினால் அப்படி நடக்காது, அக்கா இருக்கும்வரை வீடு அவளுக்குத்தான். ஒருவருக்கு 60 முடிந்து, மற்றவருக்கு 55 ஆகியிருந்தால் தம்பதியாகச் சேர விதி இடம் தருகிறது. விண்ணப்பத்தில் மனைவி பெயர் கூட்டுக் கடன்தாரராக இருக்கிறதா, வெறும் சாட்சியாகவோ சம்மதம் தெரிவித்தவராகவோ போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அந்த ஒரு வரி மாறினால் எல்லாம் மாறிவிடும்.

அடுத்து மதிப்பீடு. அத்தான் மனதில் வீட்டுக்குத் தொண்ணூறு லட்சம். தெருமுனையில் ரோட்டோரம் சென்ட் என்ன விலைக்குப் போனது என்று அவருக்குத் தெரியும், அதை ஒன்பதால் பெருக்கி, கட்டடத்துக்கும் ஒரு தொகை சேர்த்து வைத்திருந்தார். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்ததும் வீட்டுக்குள் போகவில்லை. டேப்பை எடுத்து முதலில் வழியைத்தான் அளந்தார். முகப்பில் பத்தடி, பக்கத்து வீட்டு மதில் வளைகிற இடத்தில் எட்டடி. லாரி ஏறாத வழி. அப்புறம்தான் உள்ளே வந்து, மாடிப்படிக்கு அடியில் கம்பி துருத்தி நிற்கும் இடத்தைப் படம் எடுத்தார். கட்டடத்துக்கு முப்பது வருடத் தேய்மானம் கழித்தார். கட்டடம் இன்னும் இருபது வருடமாவது நிற்குமா என்பது வங்கிக்கு முக்கியம். பழைய ஓட்டு வீடு என்றால் பெரும்பாலும் அங்கேயே கதை முடிந்துவிடும். இந்த வீடு அதில் தேறியது. ஆனால் மதிப்பு 50 லட்சம் என்று வந்தது. அத்தான் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

இனிமேல் கணக்கு. இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள், நானும் முதல் நாள் அப்படித்தான் நினைத்தேன். 50 லட்சத்தில் வங்கி 60 சதவீதம் என்றது, 30 லட்சம். அதை 15 வருடத்துக்குப் பிரித்தால், அதாவது 180 மாதத்துக்கு, மாதம் 16,666 வரும் என்று அத்தான் காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டுப் பார்த்துவிட்டார். வங்கி சொன்னது 7,238.

அந்த 30 லட்சம் நம் கைக்கு வரும் பணமில்லை. 15 வருடத்தின் முடிவில் வட்டியோடு சேர்ந்து கடன் எவ்வளவு ஆகியிருக்கலாம் என்பதன் வரம்பு அது. வட்டி 10 சதவீதம் என்று வைத்துப் பார்த்தால் மாதம் 7,238தான் வருகிறது. 15 வருடத்தில் கையில் வாங்கியது மொத்தம் 13 லட்சம். மீதி 17 லட்சம் வட்டி. முதல் ஐந்து வருடத்தில் வாங்கியது 4.34 லட்சம், கடன் 5.6 லட்சம், அது பெரிதாகத் தெரியாது. பத்து வருடத்தில் வாங்கியது 8.7 லட்சம், கடன் 14.8 லட்சம். அதன் பிறகு ஐந்தே வருடத்தில் கடன் இரண்டு மடங்காகிறது. 15 வருடம் முடிந்ததும் மாதத் தொகை நின்றுவிடும், வீட்டில் இருக்கலாம், ஆனால் வட்டி நிற்காது. அடுத்த ஐந்து வருடம் அக்கா இருந்தால் கடன் 49 லட்சத்தைத் தாண்டும்.

காலம் கூடக்கூட மாதத் தொகை குறையும். இதே 30 லட்சத்துக்கு 20 வருடம் என்றால் மாதம் 3,951. பத்து வருடம் என்றால் 14,645. ஆக, 62 வயதில் போய் இருபது வருடத்துக்கு எழுதினால் மருந்துக்கடைச் செலவுக்கே காணாது. 77, 78 வயதில் பத்து வருடத்துக்கு எழுதினால் ஓரளவு பொருள் இருக்கிறது. ஆனால் அதற்கும் ஒரு ஆபத்து உண்டு. அத்தானுக்கு 77 ஆகும்போது அக்காவுக்கு 72. பத்து வருடம் முடியும்போது அவளுக்கு 82. பணம் அதிகம் தேவைப்படும் வயதில் வரவு நின்றுபோகும். எங்கள் அம்மா 91 வரை இருந்தாள். அந்தப் பக்கத்து ஆயுசு அக்காவுக்கும் இருக்கும் என்றுதான் நான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. வட்டி நிலையானதா, மாறக்கூடியதா என்று கேட்க வேண்டும். வீட்டின் மதிப்பை ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது மறுபடி பார்ப்பார்கள். அப்போது மாதத் தொகையும் மாறலாம். வீட்டு வரி, காப்பீடு, பராமரிப்பு எல்லாம் நம் பொறுப்பு. வரி கட்டாமல் விட்டாலோ, வீட்டைவிட்டு மகன் வீட்டோடு போய் நிரந்தரமாகத் தங்கிவிட்டாலோ, வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டாலோகூட கடனைத் திருப்பிக் கேட்கும் உரிமை வங்கிக்கு வந்துவிடும்.

கடைசியில் சொன்னதைப் படித்ததும் எனக்கு உறைத்தது. மாடி நான்கு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. இரண்டு அறை, சமையலறை, வெளிப்படி. எங்கள் பக்கத்தில் அதற்கு ஆறாயிரம், ஆறாயிரத்தைந்நூறு வாடகை வரும். ரிவர்ஸ் மார்ட்கேஜ் எடுத்தால் மாடியைப் பூட்டியே வைக்க வேண்டும், மாதம் 7,238 கடனாக வரும். எடுக்காமல் மாடியை வாடகைக்கு விட்டால் 6,500 வரும், கடன் கிடையாது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது அத்தான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, மாடியில் இளையவனின் கல்யாணச் சாமான் கிடக்கிறது என்றார். வாடகைக்கு விடாமல் இருந்த காரணம் அவ்வளவுதான்.

வாடகை பற்றிப் பேச்சு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் ஒற்றிக்குக் கொடுக்கலாமே என்றார். இங்கே அது பழக்கமான வழி. ஒருவர் மொத்தமாக ஐந்து லட்சம் தருவார், வாடகை இல்லாமல் மூன்று வருடம் இருப்பார், போகும்போது ஐந்து லட்சத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். மொத்தப் பணம் கையில் வருவதால் வயதானவர்களுக்கு அதில் ஆசை வரும். அந்த ஐந்து லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10,250 ரூபாய். மாதத்துக்கு 3,400 சொச்சம். அதே மாடிக்கு வாடகை 6,500. அப்படியென்றால் வருமானத்துக்கு ஒற்றி சரிப்படாது. மொத்தப் பணம் அவசரமாகத் தேவைப்படுகிறவருக்குத்தான் ஒற்றி பொருந்தும். ஆனால் அவர்தான் அதைச் செலவழித்துவிடுவார்.

எங்கள் தெருவிலேயே ஒருவருக்கு இது நடந்தது. மனைவியின் ஆபரேஷனுக்கு ஒற்றிப் பணம் செலவானது. மூன்று வருடம் முடிந்தும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. குடியிருந்தவர் போகவில்லை. போக வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. பணம் கிடைக்கும்வரை வீட்டை வைத்திருக்கும் உரிமைதான் ஒற்றி. முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்களே தவிர பதிவு செய்யவில்லை. அதனால் இரு தரப்புக்கும் வக்கீல் செலவு. ஒற்றி எழுதினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யத்தான் வேண்டும். வந்த பணத்தைத் தொடாமல் அப்படியே வைக்க முடியுமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

இதற்கு நடுவே மார்த்தாண்டத்தில் பழைய பழக்கமுள்ள ஒரு பணக்காரர் அத்தானிடம், பத்து லட்சம் தருகிறேன், வட்டி இரண்டு ரூபாய், ஜாமீனுக்கு ஒரு கிரய ஒப்பந்தமும் பவரும் மட்டும் எழுதித் தாருங்கள் என்றார். அன்று நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். கடனுக்கு அடமானம்தான் எழுத வேண்டும். விற்பனை ஒப்பந்தமும் பவரும் எழுதிவிட்டால், வட்டி இரண்டு மாதம் தவறினால் வீடு வேறொருவர் பெயருக்குக் கிரயமாகிவிடும். நீதிமன்றத்தில் அது கடன்தான் என்று நிரூபிக்க 72 வயதில் வருடக்கணக்கில் அலைய முடியுமா? அத்தான் அந்தப் பேச்சை விட்டார்.

இதற்கிடையே ரிவர்ஸ் மார்ட்கேஜ் விண்ணப்பம் வங்கியில் தேங்கி நின்றது கணக்கால் இல்லை, பத்திரத்தால். எங்கள் பக்கத்தில் பிரமாணம் என்போம். அக்கா பீரோவிலிருந்து தகரப் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். ஒன்பது சென்டில் ஆறு சென்ட் அத்தான் விலைக்கு வாங்கியது. மூன்று சென்ட் அவர் அப்பாவிடமிருந்து பாகப்பத்திரத்தில் வந்தது. வீடு இரண்டின் மேலும் நிற்கிறது, சமையலறை முழுக்கப் பாகத்தில் வந்த மண்ணில். மூன்று சென்டின் மூலப்பத்திரம் மலையாளத்தில், கொல்லம் ஆண்டு 1122 என்று போட்டிருந்தது, நம் கணக்கில் 1946-47. இந்த மாவட்டம் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால் பழைய பிரமாணங்கள் இப்படித்தான். தாள் மடிப்பில் கிழிந்து, ஒரு எல்லை வரி பாதி போயிருந்தது.

வங்கியின் சட்ட ஆலோசகர் இரண்டு கேள்வி எழுதி அனுப்பினார். ஒன்று, மலையாளப் பத்திரத்தின் தமிழ் மொழிபெயர்ப்பும் பதிவு நகலும் வேண்டும். இரண்டு, பாகத்தில் வந்த மூன்று சென்ட் சுய சம்பாத்தியம் ஆகாது, அதில் மகன்களுக்குப் பங்கு இருக்கலாம், எனவே மகன்கள் இருவரும் விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். நகலுக்கு விண்ணப்பித்து வாங்கினோம். நல்லவேளை, அதில் எல்லை வரி முழுதாக இருந்தது. மலையாளம் படிக்கத் தெரிந்த பழைய பத்திர எழுத்தாளர் ஒருவர் மொழிபெயர்த்துத் தந்தார். அந்த மாதிரி ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இதை இன்றைக்கே செய்து வைப்பது நல்லது.

இளையவன் நேரில் வந்தான். மூத்தவன் வர முடியாததால் அங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுப் பவர் அனுப்பினான். அப்படி வருகிற பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டி முறைப்படுத்த வேண்டும். நாங்கள் கவர் வந்த தேதியைக் குறித்து வைத்து ஆறாவது வாரத்திலேயே அதை முடித்தோம்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் முளைத்தது. விடுதலைப் பத்திரம் கேட்டதும் மூத்தவன், "அப்பா, எதுக்கு இந்த வேலை, வீட்டை எங்க ரெண்டு பேருக்கும் செட்டில்மென்ட் எழுதிடுங்க, மாசம் பதினஞ்சாயிரம் நாங்க போடுறோம்" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். அத்தானும் கிட்டத்தட்ட சம்மதித்துவிட்டார். நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான். பிள்ளைகள் நல்லவர்கள், ஆனால் வேலை போகலாம், உடம்புக்கு வரலாம், மருமகள் பக்கத்தில் ஒரு கடன் வரலாம். எழுதிக் கொடுத்துவிட்ட வீட்டைத் திரும்பக் கேட்பது எளிதில்லை. அப்படியே எழுதுவதென்றால் இரண்டு வாசகம் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். ஒன்று, இருவரில் கடைசியாக இருப்பவர் காலம்வரை வீட்டின் முழு அனுபவ உரிமையும் அவர்களுக்கே. இரண்டு, அடிப்படைத் தேவைகளையும் பராமரிப்பையும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் எழுதிக் கொடுக்கிறோம் என்பது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23வது பிரிவில், அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாததாக்க முடியும். எங்களுக்கு அந்த மனு பத்மநாபபுரம் கோட்டாட்சியரிடம் போகும். நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு இந்தப் பிரிவு உதவாது என்று 2022ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "அன்பினாலும் பாசத்தினாலும்" என்ற வழக்கமான வாசகத்தை மட்டும் நம்பக்கூடாது.

அத்தான் செட்டில்மென்ட் எழுதவில்லை. உயில் மட்டும் எழுதிப் பதிவு செய்தார். முதலில் அக்காவுக்கு, பிறகு இரண்டு பேருக்கும். உயிலை அவர் இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

ரிவர்ஸ் மார்ட்கேஜ் விண்ணப்பத்தை நாங்களே திரும்பப் பெற்றோம். மதிப்பீட்டுக் கட்டணமும் சட்டக் கருத்துக்குக் கட்டிய பணமும் திரும்பி வராது, அது தெரிந்துதான் கட்டினோம். கல்யாணச் சாமானைக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் அடுக்கி, மாடியை ஒரு பள்ளி ஆசிரியை குடும்பத்துக்கு விட்டார்கள். வாடகை 6,500, முன்பணம் 50,000, பதினொரு மாத ஒப்பந்தம் எழுத்தில். கடையை விற்றபோது மிஞ்சி, வங்கிச் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்த ஆறு லட்சத்தை மூத்த குடிமக்கள் திட்டத்துக்கு மாற்றினோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 12,300. இரண்டும் சேர்ந்து மாதம் பத்தாயிரத்து அறுநூறு. பிள்ளைகள் அனுப்புவது மேலே.

ஆனால் பத்திர வேலையை நிறுத்தவில்லை. விடுதலைப் பத்திரம் பதிவாகி, ஒன்பது சென்டுக்கும் அத்தான் பெயரில் பட்டா வந்தாகிவிட்டது. அத்தானுக்கு 77, 78 ஆகும்போது, மாடிப்படி ஏற ஆள் தேவைப்படும் காலத்தில், வாடகைக்காரரைக் காலி செய்துவிட்டுப் பத்து வருடக் கடன் வேண்டும் என்று தோன்றினால், அன்றைக்கு மகன்களின் கையெழுத்துக்காக அலைய வேண்டியதில்லை. அப்போது வட்டி எவ்வளவு, வீட்டு மதிப்பு எவ்வளவு என்று புதிதாகக் கணக்குப் போட வேண்டும்.

போன வாரம் போனபோது அக்கா அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினாள். மலையாளப் பிரமாணம் தனி பிளாஸ்டிக் உறையில், அதன் மேல் மொழிபெயர்ப்பு, அதன் மேல் விடுதலைப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று. எல்லாவற்றுக்கும் மேலே அத்தானின் காலண்டர் தாள், 16,666 என்பது அடிக்கப்பட்டு, பக்கத்தில் 7,238 என்று அவர் கையெழுத்தில்.